மீட்டிங்கில் மட்டம் தட்டும் மேனேஜர்: ஹெச்.ஆரிடம் நிலைக்கும் புகாரை எழுதுவது எப்படி?

ஆபீஸில் மேலதிகாரி திட்டினால் போலீஸுக்குப் போகலாமா? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. செகந்திராபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் உதவிப் பேராசிரியர், இயக்குநர் தன்னை உரக்கத் திட்டியதாகப் புகார் கொடுத்திருந்தார். வேலை தொடர்பாக மேலதிகாரி கடிந்துகொள்வது மட்டுமே, இந்திய தண்டனைச் சட்டம் 504-வது பிரிவு சொல்லும் 'வேண்டுமென்றே அவமதித்தல்' ஆகிவிடாது என்று கூறி, இயக்குநர் மீதான வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்படியென்றால் மேனேஜர் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. குற்றம் ஆகாத ஒரு பேச்சு, நிறுவனத்தின் நடத்தை விதிகளை மீறியதாக இருக்கலாம். அதை விசாரிக்க வேண்டிய இடம் ஹெச்.ஆர். ஆனால், அங்கே புகார் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதை எழுதும் விதத்தைப் பொறுத்தது.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து வந்து மைசூரு ஹெப்பாளில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்யும் டெஸ்ட்டிங் இன்ஜினியர் ஒருவர். வாராந்திர ரிவ்யூ மீட்டிங்கில் 11 பேர் இருப்பார்கள். அங்கே மேனேஜர் அவரிடம் மூன்று வெவ்வேறு நாட்களில் சொன்னவை இவை:

"இந்த டிஃபெக்டை ரிலீஸுக்கு முன்னாடி ஏன் பிடிக்கல?"

"உன்னையெல்லாம் யாரு இன்ஜினியர்னு வேலைக்கு எடுத்தா?"

"முதல்ல இங்கிலீஷ் ஒழுங்கா பேசக் கத்துக்கோ, அப்புறம் டெமோ குடுக்கலாம்."

எது புகார் ஆகும்?

முதல் கேள்வி கடுமையாக இருந்தாலும் வேலையைப் பற்றியது. அதைப் புகாரில் சேர்த்தால், 'இவருக்கு விமர்சனமே பிடிக்காது' என்று மேனேஜர் எளிதாகத் திருப்பிவிடுவார். இரண்டாவதும் மூன்றாவதும் ஆளைப் பற்றியவை. அவற்றில் திருத்திக்கொள்ள எந்த வேலையும் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சந்தேகமானதை விட்டுவிடுங்கள். பத்து பலவீனமான சம்பவங்களைவிட மூன்று உறுதியான சம்பவங்கள் மேல்.

பேச்சு பாலியல் தன்மை கொண்டதாக இருந்தால் பாதை வேறு. பாதிக்கப்பட்டவர் பெண் என்றால், 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுப்பது அவசியம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் அனுமதிக்கலாம்.

குறிப்பு வைப்பது எப்படி?

மீட்டிங் முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், எந்த மீட்டிங், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை, அதன் பிறகு என்ன நடந்தது என்பவை போதும். மைசூரு ஆபீஸ்களில் ஒரே மீட்டிங்கில் கன்னடம், ஆங்கிலம், இந்தி எல்லாம் கலந்து வரும். சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதி, கீழே பொருளைக் குறிப்பிடுங்கள். மொழிபெயர்ப்பு மட்டும் இருந்தால், 'நான் அப்படிச் சொல்லவே இல்ல' என்பதற்கு வழி கிடைத்துவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆதாரம் என்று நினைத்து ஆபீஸ் மெயில்களையும் மீட்டிங் பதிவுகளையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். பல நிறுவனங்களில் இது தகவல் பாதுகாப்பு விதிமீறல். புகார் கொடுத்தவரே விசாரணைக்கு ஆளாகும் நிலை வரும். மீட்டிங் ரெக்கார்ட் ஆகியிருந்தால், அதன் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, 'இந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்' என்று புகாரிலேயே கேளுங்கள். உங்கள் சொந்த நோட்டில் கிளையன்ட் விவரம் எதுவும் வேண்டாம்.

புகாரில் என்ன எழுதுவது?

'மேனேஜர் தொடர்ந்து என்னைக் கேவலப்படுத்துகிறார், டாக்ஸிக்காக நடந்துகொள்கிறார்' என்று எழுதினால், ஹெச்.ஆர். விசாரிக்க அதில் எதுவும் இல்லை. நம் இன்ஜினியர் இப்படி எழுதலாம்:

"மார்ச் 17 காலை 10 மணி வாராந்திர ரிவ்யூ மீட்டிங்கில், 11 பேர் முன்னிலையில், என் மேனேஜர் 'உன்னையெல்லாம் யாரு இன்ஜினியர்னு வேலைக்கு எடுத்தா?' என்றார். ஏப்ரல் 7 மீட்டிங்கில் என் ஆங்கிலத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். அன்று நான் கொடுக்க வேண்டிய டெமோ வேறொருவருக்குத் தரப்பட்டது. கலந்துகொண்டவர்கள் பட்டியல் இணைப்பில் உள்ளது."

இதில் 'சாட்சி' என்று யாரையும் குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'எனக்காகப் பேசு' என்று கேட்டால் டீம்மேட் தயங்குவார். யார் இருந்தார்கள் என்று மட்டும் சொன்னால், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது ஹெச்.ஆரின் வேலையாகிவிடும்.

கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். எழுத்துபூர்வ விசாரணை, இத்தகைய பேச்சு நிற்பது, விசாரணை முடியும்வரை உங்கள் அப்ரைசலை வேறு ஒருவர் பார்ப்பது ஆகியவை நிறைவேற்றக்கூடியவை. 'அவரை வேலையை விட்டுத் தூக்குங்க' என்பதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இல்லை. நிறுவனத்தின் கையேட்டில் சொல்லியிருக்கும் போர்ட்டல் அல்லது மெயில் முகவரிக்கே அனுப்பி, டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு?

முதலில் வருவது பெரும்பாலும் ஒரு போன்: "வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்." போவதில் தப்பில்லை. ஆனால், அன்றே 'இன்று பேசியவை இவை, என் புகார் இன்னும் நிலுவையில் உள்ளது' என்று ஒரு மெயில் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சோடு புகார் முடிந்ததாகக் கணக்காகிவிடலாம்.

பெயர் வெளியே வராது என்று நம்பி எழுதாதீர்கள். மீட்டிங் தேதியைப் பார்த்தாலே மேனேஜருக்கு யாரென்று புரிந்துவிடும். அதனால் புகாருக்கு முந்தைய ரேட்டிங்கும், வந்த பாராட்டுகளும் எந்தத் தேதியில் பதிவாகின என்று குறித்து வையுங்கள். புகாருக்குப் பிறகு ரேட்டிங் திடீரென்று சரிந்தால், அந்தத் தேதிகள்தான் பேசும்.

ஹெச்.ஆர். கண்டுகொள்ளவில்லை என்றால்?

கர்நாடக அரசு 2014 முதல் ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்து வந்திருக்கிறது. 2024-ல் இது மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, நிர்வாகமும் ஊழியர்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர் குழுவை நிறுவனம் அமைக்க வேண்டும் என்பது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் இப்படி ஒரு குழுவைக் கட்டாயமாக்குகிறது. பிரச்னை எழுந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம். குழு 30 நாளில் விசாரித்து முடிக்கலாம் என்கிறது சட்டம்.

இதில் ஒரு வரம்பு உண்டு. சட்டத் தொகுப்பு சொல்லும் வழி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வரமாட்டார்கள். கார்டில் என்ன பதவி அச்சடித்திருக்கிறது என்பதைவிட, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே கணக்கு. டெஸ்ட்டிங் மட்டுமே செய்யும் நம் இன்ஜினியர், தன் வேலை தொழில்நுட்ப வேலை என்று வாதிடலாம்.

எனவே ஹெச்.ஆருக்கு அனுப்பும் இரண்டாவது மெயிலில் ஒரே ஒரு கேள்வி போதும்: "நமது நிறுவனத்தின் குறைதீர் குழு உறுப்பினர்கள் யார், அவர்களுக்கு மனு அனுப்பும் முகவரி எது?"