மொய் நோட்டில் ஒரு ‘௸’

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில், தறி வீட்டுக் கல்யாணத்தின் பழைய மொய் நோட்டு கையில் கிடைத்து, அதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தால் முதலில் குழப்புவது தொகை இல்லை, ‘௸’ என்கிற குறி. ‘மேற்படி’ என்று வாசிக்கணும்.

ஒரு பக்கம் இப்படி இருக்குன்னு வைத்துக்கொள்வோம். முதல் வரி: ‘ஐயம்பேட்டை, தாய்மாமன், ௰௧’. அடுத்த வரி: ‘௸ ஊர், ௸ மகன், ௨’. ௰ என்றால் பத்து, ௧ ஒன்று. மாமன் வைத்தது 11 ரூபாய். ‘௨’ பார்க்கப் பிள்ளையார் சுழி மாதிரியே இருக்கும், ஆனால் இங்கே அது இரண்டு. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை ‘௰௩’, அதாவது 13 என்றிருந்தால் வாசிப்பு சரி.

இப்போ தொகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். இரண்டு ரூபாய் வரி இடம் மாறி வேறு யாருக்கோ கீழே போய்விடும். ‘௸ மகன்’ அந்த வேறு ஆளின் மகன் ஆகிவிடுவான். அதனால் வரி எண் ஒரு பத்தி, நோட்டில் உள்ளபடி ஒரு பத்தி, ‘௸’ஐ விரித்து ‘ஐயம்பேட்டை, தாய்மாமன் மகன்’ என்று இன்னொரு பத்தி வேண்டும்.

மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அந்தப் பையன் வீட்டு விசேஷத்துக்குப் போகும்முன் புரட்டுவது இந்த நோட்டைத்தான். குறி இடம் மாறினால், அவன் வைத்த மொய்க்கு நோட்டில் சாட்சியே இருக்காது.