இரவு பத்து மணிக்கு இரண்டு குறிப்புகள்

பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் மாலை ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடியும். கையில் இருக்கும் விசாரணை அதோடு முடிவதில்லை. இரவு ஷிப்டுக்கு வருகிற அனலிஸ்ட் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தையவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவர் தலைக்குள் இருந்ததில் மிஞ்சுவது அவர் எழுதிவைத்த ஹேண்டோவர் குறிப்பு மட்டுமே. ஒரே விசாரணைக்கான இரண்டு குறிப்புகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் புதியவர்களுக்குப் பயிற்சி தருவதற்காக நான் எழுதியவை. இவற்றில் வரும் ஐபி எண்களும் மெயில் முகவரியும் மாதிரிக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

வழக்கு இதுதான். வாடிக்கையாளர் ஓர் ஏற்றுமதி நிறுவனம். மைக்ரோசாஃப்ட் 365 மெயில் பயன்படுத்துகிறது. அதன் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் கணக்கில் இதுவரை பார்த்திராத ஐபியிலிருந்து லாகின் நடந்திருப்பதாக மாலை 7.40க்கு ஓர் அலர்ட் வருகிறது. அனலிஸ்ட் பார்க்கிறார். 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயில்களையெல்லாம், யாரும் திறந்து பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும் ரூல் ஒன்று அந்த மெயில்பாக்ஸில் இருக்கிறது. சப்ளையருக்குப் போகவேண்டிய பணத்தைத் திருப்பிவிட நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை இது.

முதல் குறிப்பு:

> மாலை 7.40க்கு அலர்ட் வந்தது. புது ஐபியிலிருந்து லாகின். ஐபியைத் தேடிப் பார்த்தேன், ஹோஸ்டிங் கம்பெனியுடையது, விபிஎன் ஆக இருக்கலாம். மெயில்பாக்ஸில் சந்தேகமான ரூல் இருந்தது, நீக்கியாச்சு. பாஸ்வேர்டு ரீசெட் பண்ணச் சொல்லி, பண்ணிட்டாங்க. சைன்-இன் லாக் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை. ஆடிட் லாகிலும் ஒன்றும் இல்லை. கிளையன்ட்டுக்கு மெயில் போட்டிருக்கு. டிக்கெட் ஓப்பன். தொடர்ந்து கவனிக்கவும்.

இரண்டாவது குறிப்பு:

> கணக்கு அந்நியர் கைக்குப் போனது உறுதி. எவ்வளவு மெயில் படித்தார், வேறு கணக்குகளும் போயிருக்கின்றனவா என்பது தெரியாது. விபிஎன் என்பது என் ஊகம். ஊழியரிடம் இன்னும் கேட்கவில்லை.
>
> லாகின் 14:06 யுடிசி, ஐபி 203.0.113.47. பாஸ்வேர்டு ரீசெட் 15:05 யுடிசி, வாடிக்கையாளரின் ஐடி பிரிவு போனில் உறுதி செய்தது. செஷன்களை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறேன். 16:20 வரை பதில் இல்லை. ரூலை நீக்கவில்லை. முழு விவரத்தையும் எடுத்து டிக்கெட்டில் சேர்த்த பிறகு செயலிழக்க வைத்தேன். ஃபோல்டரில் 7 மெயில் இருக்கிறது, திறக்கவில்லை.
>
> தேடியது: `SigninLogs` மட்டும், 14:00 முதல் 16:00 யுடிசி வரை, கீழே உள்ள குவெரி. ஆடிட் லாகை 15:15க்குப் பார்த்தேன். ரூல் உருவான பதிவே அதில் இல்லை. அதனால் லாக் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன், மறுபடி தேடவும். புதிய எம்எஃப்ஏ சாதனம் சேர்க்கப்பட்டதா என்று பார்க்கவில்லை.
>
> காலை 10 மணிக்கு அவர்கள் சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவார்கள். அதற்குள் நிதிப் பிரிவுத் தலைவரிடம் போனில் பேச வேண்டும். அந்த ஊழியரின் முகவரிக்கு மெயில் அனுப்ப வேண்டாம்; எதிராளி படிக்கக்கூடும்.

```
SigninLogs
| where TimeGenerated between (datetime(2025-03-11T14:00Z) .. datetime(2025-03-11T16:00Z))
| where UserPrincipalName == "ap01@example.com"
```

இரண்டாவது நீளம் என்பது முதலில் கண்ணில் படும். ஆனால் முதலாவதை இதே நீளத்துக்கு இழுத்தாலும் அது தேறாது. அது எழுதியவரின் மாலையைச் சொல்கிறது: இது வந்தது, இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன். இரண்டாவது, விசாரணை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. படிப்பவருக்கு வேண்டியது அதுதான்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம், 'சைன்-இன் லாக் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை' என்ற வரி. எழுதியவர் பொய் சொல்லவில்லை, பார்த்தார், இல்லை. எந்த லாகைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி. மைக்ரோசாஃப்டின் சைன்-இன் பதிவுகள் சென்டினலில் ஒரே அட்டவணையில் இருப்பதில்லை. ஒருவர் திரை முன் உட்கார்ந்து பாஸ்வேர்டு கொடுத்து நுழைவது `SigninLogs` அட்டவணையில் விழும். ஏற்கெனவே கிடைத்த டோக்கனை வைத்துக்கொண்டு செயலி பின்னணியில் நுழைவது `AADNonInteractiveUserSignInLogs` என்ற வேறோர் அட்டவணையில் விழும். டோக்கனைத் திருடியவர் அதைப் பயன்படுத்தும்போது அவருடைய தடம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். இரவு அனலிஸ்ட் முதல் குறிப்பைப் படித்தால், சைன்-இன் வேலை முடிந்தது என்று எண்ணி அடுத்ததற்குப் போய்விடுவார். இரண்டாவது குறிப்பில் `SigninLogs` மட்டும் என்ற ஒரு சொல்லே அவரை நிறுத்திவிடும். அதே குவெரியில் அட்டவணையின் பெயரை மாற்றி ஓட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

நம் வழக்கில் அவர் அப்படி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 14:31க்கும் 14:58க்கும் இடையில் 198.51.100.23 என்ற இன்னொரு ஐபியிலிருந்து அதே கணக்கில் நுழைவுகள் தெரிகின்றன. இப்போது அந்த ஐபியை நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளிலும் தேடுகிறார். கொள்முதல் பிரிவில் இன்னொருவரின் கணக்கும் அதே ஐபியிலிருந்து திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு கணக்குச் சிக்கல் இரண்டு கணக்குச் சிக்கலாகிறது. அதுவும் விடிவதற்கு முன்பே. முதல் குறிப்பை நம்பியிருந்தால் இரண்டாவது கணக்கு காலை வரை திறந்தே கிடந்திருக்கும்.

ஆடிட் லாக் விஷயமும் இதே வகைதான், காரணம் வேறு. மைக்ரோசாஃப்ட் 365 ஆடிட் பதிவுகள் நிகழ்ந்த உடனே தேடலில் வந்துவிடுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் போன்ற முக்கியச் சேவைகளுக்கு வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் ஆகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 15:15க்குத் தேடியவருக்கு 14:19க்கு நடந்தது தெரியாமல் போகலாம். இதைக் கண்டுபிடிக்கும் வழியை இரண்டாவது குறிப்பே தருகிறது: ரூல் கண்ணெதிரே இருக்கிறது, அது உருவான பதிவு மட்டும் லாகில் இல்லை. அப்படியானால் லாகில் குறை இருக்கிறது, அல்லது ரூல் தேடிய காலத்துக்கு முன்பே உருவாகியிருக்கிறது. எது என்று தெரியும்வரை 'ஒன்றும் இல்லை' என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. இரவு பதினொரு மணிக்கு மறுபடி தேடும்போது `New-InboxRule` பதிவு 14:19 யுடிசி என்று வந்து நிற்கிறது. தேடிய நேரத்தைக் குறிப்பில் எழுதாமல் விட்டிருந்தால், மறுபடி தேட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. முதல் குறிப்பில் இருப்பது '7.40' மட்டும். லாக் யுடிசியில் பேசுகிறது, சுவர்க் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாலை 7.40 என்பது 14:10. யுடிசி என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

ரூலை நீக்கியதா, செயலிழக்க வைத்ததா என்பது சின்ன வேறுபாடுபோலத் தெரியும். ரூலை நீக்கினால் அதன் நிபந்தனைகளை மெயில்பாக்ஸில் பார்க்க முடியாது. ஆடிட் பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட, 'நீக்கியாச்சு' என்ற சொல் பிரச்சினை தீர்ந்ததாக ஓர் எண்ணத்தைத் தருகிறது. ரூல் போனாலும் அது ஏற்கெனவே ஒளித்துவைத்த மெயில்கள் அந்த ஃபோல்டரிலேயே கிடக்கும். இந்த வழக்கின் உயிர் அந்த ஏழு மெயில்களில்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்று, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது' என்று யாரோ அனுப்பியதற்கு வந்த பதிலாக இருந்தால், காலை பத்து மணிப் பட்டுவாடாவை நிறுத்தியே ஆகவேண்டும். முதல் குறிப்பில் அந்த ஏழும் இல்லை, பத்து மணியும் இல்லை. 'தொடர்ந்து கவனிக்கவும்' என்று மட்டும் இருக்கிறது. எதைக் கவனிப்பது, எதுவரை, எது நடந்தால் யாரை எழுப்புவது என்று சொல்லாத வேண்டுகோள் அது.

பாஸ்வேர்டு ரீசெட் பற்றிய வரியும் இப்படித்தான் ஏமாற்றும். பாஸ்வேர்டை மாற்றினாலும், முன்பே கையில் கிடைத்த அணுகல் டோக்கன் அதே கணத்தில் செல்லாததாகிவிடாது. சாதாரணமாக ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ உழைக்கும். புதிய எம்எஃப்ஏ சாதனத்தை எதிராளி சேர்த்திருந்தால் கதை இன்னும் நீளும். இரண்டாவது குறிப்பு இதைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதுவதுதான் ஹேண்டோவரில் அதிகம் விடுபடும் பகுதி என்பது என் எண்ணம். வேலை அரைகுறை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும். மேலாளர்கள் அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும்.

முதலாவதற்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். நிகழ்ந்த வரிசையில் எழுதும் பதிவு டிக்கெட்டுக்கு அவசியம். நாளைக்கு வாடிக்கையாளரின் வழக்கறிஞரோ தணிக்கையாளரோ கேட்கும்போது, யார் எப்போது எதைத் தொட்டார் என்பதற்கு அதுதான் சாட்சி. அதை டிக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும். ஹேண்டோவரின் இடத்தில் வைக்க வேண்டாம்.

இரண்டாவது குறிப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. தெளிவாக எழுதிய குறிப்பு படிப்பவரை எழுதியவரின் பாதையிலேயே இழுத்துச் செல்லும். முதல் குறிப்பின் 'விபிஎன் ஆக இருக்கலாம்' அடுத்த ஷிப்டில் 'விபிஎன் என்று தெரிகிறது' ஆகி, அதற்கடுத்த ஷிப்டில் டிக்கெட்டை மூடும் காரணமாகிவிடும். இடையில் யாரும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஊகம் என்று பெயர் சொல்லி எழுதினால் இது ஓரளவு குறையும். முழுதாகக் குறைய, படிப்பவர் வாய் திறக்க வேண்டும்.

மருத்துவமனைகள் இதை நமக்கு முன்பே கற்றுக்கொண்டன. ஷிப்ட் மாறும்போது பயிற்சி மருத்துவர்கள் நோயாளிகளை ஒப்படைக்கும் ஐ-பாஸ் என்ற முறையை 9 மருத்துவமனைகளில் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. அந்த முறையின் கடைசிப் படி, ஒப்படைப்பைப் பெறுபவர் தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது. பத்து மணிக்கு இரவு அனலிஸ்ட், 'அப்ப முதல்ல செஷன் ரத்தாச்சான்னு போன்ல கேக்கறேன், அப்புறம் அந்த ஏழு மெயில், பத்து மணிக்கு முன்னாடி நிதித் தலைவர், சரிதானே?' என்று கேட்டால், குறிப்பில் விடுபட்டது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது குறிப்பை எழுத முதலாவதைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஷிப்ட் முடிவில் களைத்த கைக்கு அது பெரிய நேரம். ஆகவே எட்டரை மணிக்கே அதைத் திறந்து, ஒவ்வொரு தேடலையும் முடித்த கையோடு ஒரு வரி சேர்த்துக்கொண்டே வாருங்கள். இன்றைக்கு உங்கள் கையில் ஒரு திறந்த டிக்கெட் இருந்தால், அதில் 'ஒன்றும் இல்லை' என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று தேடி, பக்கத்தில் அட்டவணையின் பெயரையும் தேடிய நேரத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள்.