மோட்டார் சைக்கிளுக்கு மேலதிக எல்.ஈ.டி விளக்கு: ரிலேயை எந்த வயரில் தொடுப்பது?

ஒல்ற்றனிலிருந்து திரிம்பாக் வழியாகக் கீழ் ஹவென்ஸ்ரைன் கணவாய் ஏறி லொய்ஃபெல்ஃபிங்கன் பக்கம் இறங்கும் வீதியை எங்களில் பலர் பகலில்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் மருமகன் அதை அதிகாலை மூன்று மணிக்குப் பார்ப்பவர். சிசாஹில் ஒரு பேக்கரியில் வேலை. கீழே ஆரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் புகார் மூடிக் கிடக்கும். மேலே ஏறினால் வானம் தெளிவு, ஆனால் காட்டுக்குள் வீதி விளக்கு இல்லை. வளைவில் மான் நின்றால் மோட்டார் சைக்கிளின் ஒற்றை ஹெட்லைற் அதைக் காட்டுவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால்தான் இரண்டு சிறிய எல்.ஈ.டி ஸ்பொட் லைற் பூட்டுவது என்ற பேச்சு வீட்டில் வந்தது.

முதல் தடவை அவர் தானாகவே பூட்டினார். பற்றரியிலிருந்து ஒரு வயர், ஹான்டிலில் ஒரு சுவிச், அங்கிருந்து விளக்குகள், அவ்வளவுதான். ஒரு வாரம் நன்றாக எரிந்தது. பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது சைக்கிள் ஸ்ராட் ஆகவில்லை. திறப்பைக் கழற்றியவர் சுவிச்சை நிறுத்த மறந்துவிட்டார். கணக்கு எளிது. இரண்டு விளக்கும் சேர்ந்து 30 வாற். 13.5 வோல்ற்றால் பிரித்தால் ஏறக்குறைய 2.2 அம்பியர். பற்றரி 10 அம்பியர் மணி. ஐந்து மணித்தியாலத்துக்குள் வெறுமையாகிவிடும். அவருடைய வேலை நேரமோ எட்டு மணித்தியாலம்.

"சுவிச் 10 அம்பியர் தாங்குமே மாமா, பிறகெதுக்கு ரிலே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பழைய 55 வாற் ஹலஜன் விளக்குகள் இரண்டு பூட்டினால் எட்டு, ஒன்பது அம்பியர் ஓடும், ஹான்டிலில் உள்ள சின்னச் சுவிச் சூடாகும். அந்தக் காலத்தில் ரிலே அதற்காகத் தேவைப்பட்டது. எல்.ஈ.டிக்கு இரண்டு அம்பியர்தான், சுவிச் தாங்கும். ஆனாலும் ரிலே வேண்டும், வேறு காரணத்துக்காக. விளக்கு எப்போது எரியலாம், எப்போது எரியக் கூடாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ரிலே என்பது ஒரு மின்காந்தச் சுவிச். அதற்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் உள்ளன. ஒன்றில் மெல்லிய கம்பிச் சுருள். அதற்கு 0.15 அம்பியர் அளவு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகி, மற்றப் பாதையில் உள்ள தொடுகையை இழுத்து மூடும். விளக்குக்கான மின்சாரம் அந்த இரண்டாவது பாதையில் நேரே பற்றரியிலிருந்து போகும். இங்கே விற்கும் ரிலேக்களின் கால்களில் ஜெர்மன் நியமமான டின் 72552 தரும் எண்கள் பொறித்திருக்கும். 30 பற்றரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, 85உம் 86உம் சுருளின் இரு முனைகள். சில ரிலேக்களுக்குள் டயோட் இருக்கும். அவற்றில் 86தான் பிளஸ், 85 மைனஸ். மாற்றினால் டயோட் எரியும். ஆகவே எப்போதும் இப்படியே பூட்டிப் பழகுவது நல்லது.

இனி முக்கியமான விடயம்: 86க்கு எந்த வயரிலிருந்து மின்சாரம் எடுப்பது? திறப்பைத் திருப்பினால் உயிர் பெறும் ஏதாவதொரு வயரில் எடுத்தால் பற்றரிப் பிரச்சினை தீரும். ஆனால் எதிரே கார் வரும்போது ஹெட்லைற்றை டிம் பண்ணினாலும் ஸ்பொட் லைற் எரிந்துகொண்டே இருக்கும். தூரத்துக்கு அடிக்கும் விளக்கு ஹை பீமோடு மட்டும் எரிய வேண்டும், டிம் பண்ணும்போது அணைய வேண்டும். அதனால் 86க்கான மின்சாரத்தை ஹை பீம் வயரிலிருந்தே எடுக்கிறோம். அப்படிச் செய்தால் வழமையான டிம் சுவிச்சைத் தட்டியவுடன் மூன்று விளக்கும் ஒன்றாக அடங்கும். கை வேறெங்கும் போகத் தேவையில்லை, மறதிக்கும் இடமில்லை. ஹான்டிலில் பூட்டும் மேலதிகச் சுவிச்சை ஹை பீம் வயருக்கும் 86க்கும் நடுவில் வைக்க வேண்டும். ஹை பீம் போட்டாலும் ஸ்பொட் வேண்டாம் என்ற நேரத்தில் அதை நிறுத்தி வைக்கலாம்.

புகார் விளக்கு வேறு சாதி. அது தாழ்வாகவும் அகலமாகவும் அடிப்பது, டிம் லைற்றோடும் எரியலாம், ஆனால் புகார், பனி, கடும் மழையில் மட்டும். ஸ்பொட் லைற்றைப் புகாருக்குள் போட்டால் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் முன்னால் தெரியும். எனவே மருமகனின் பாதையில் இந்த விளக்குகள் கீழே ஒல்ற்றனில் உதவாது, மேலே காட்டுக்குள்தான் உதவும். இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும்போது கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 14 சுவிஸ். அனுமதி கொடுத்த நாட்டின் எண் அது. எந்த நாட்டு எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. அருகில் உள்ள எழுத்து எந்த வகை விளக்கென்று சொல்லும். பி அல்லது எஃப் 3 என்றால் புகார் விளக்கு, ஆர் என்ற எழுத்து ஹை பீமைக் குறிக்கும். இணையத்தில் மலிவாக வரும் பல விளக்குகளில் இந்த முத்திரை கிடையாது. அவை வேலைத்தள விளக்குகள், வீதிக்கு உரியவை அல்ல. எம்.எஃப்.கே பரிசோதனைக்குப் போகும்போது கழற்றிவிட்டுப் பிறகு பூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் பரிசோதனை நாளைப் பார்க்கமாட்டார், விபத்து நாளைத்தான் பார்ப்பார். முத்திரை எண்ணோடு உங்கள் கன்ரோன் ஸ்ராசன்ஃபெர்கேர்ஸ்அம்ற்றுக்கு முதலே எழுதிக் கேட்பது நல்லது.

மருமகனின் வேலையைப் பிரித்தபோது இன்னொன்றையும் கண்டோம். பியூஸ் இருந்தது, ஆனால் விளக்குக்குப் பக்கத்தில். பற்றரியிலிருந்து அது வரை ஒரு மீற்றருக்கு மேல் வயர் எந்தக் காவலும் இல்லாமல் ஓடியது. ஹான்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் அந்த வயரின் உறை தேய்ந்து செம்பு மினுங்கியது. சட்டத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. ஒரு தடவை தொட்டுப் பொறி பறந்திருக்கிறது. நின்று தொட்டிருந்தால், பற்றரியின் முழுச் சக்தியும் அந்த வயரில் இறங்கி, பெற்றோல் தாங்கிக்குக் கீழே உறை எரிந்திருக்கும். பியூஸ் விளக்கைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு. பியூஸ் தாண்டி வரும் வயரை மட்டும்தான் அது காக்கும். ஆகவே பற்றரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். அளவு: ஓடுவது 2.2 அம்பியர், 1 சதுர மில்லிமீற்றர் வயர் பத்து அம்பியருக்கு மேல் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் 5 அம்பியர் பியூஸ் போட்டோம். அது எரிந்தால் 15 போடுவது தீர்வல்ல, எங்கே தேய்ந்தது என்று தேடுவதுதான் தீர்வு.

இரண்டாம் தடவை சேர்ந்து பூட்டினோம். முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றினோம். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் சாவி சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். பிளஸ்ஸிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலேயின் 30. ரிலேயைச் சீற்றுக்கு அடியில், கால்கள் கீழே பார்க்கக் கட்டினோம், தண்ணீர் தேங்காது. 87இலிருந்து விளக்குகளின் பிளஸ். விளக்குகளின் மைனஸை நிறம் பூசிய சட்டத்தில் முறுக்காமல் நேரே பற்றரி மைனஸுக்குக் கொண்டுவந்தோம். 85உம் அங்கேதான்.

ஹை பீம் வயரைக் கண்டுபிடிக்க மைனஸைத் திரும்பப் பூட்டி, மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி மைனஸில் வைத்து, ஹெட்லைற் பல்பின் பின்னால் உள்ள மூன்று கால்களையும் அளந்தோம். ஹை பீம் போடும்போது 12 வோல்ற், டிம் பண்ணும்போது பூச்சியம் காட்டுவது எதுவோ அதுதான். கண்டதும் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். சில சைக்கிள்களில் டிம் சுவிச் மைனஸ் பக்கத்தில் இருக்கும், அங்கே இந்த அளவு பொருந்தாது. கம்பனியிலிருந்தே எல்.ஈ.டி ஹெட்லைற்றோடு வந்த புதியவற்றில் கணினி அந்த வயரைக் கண்காணிக்கும், தொட்டால் பிழை விளக்கு எரியலாம். அந்த இரண்டிலும் வயரை வெட்டாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வயரிலிருந்து கிளை எடுக்கச் சின்ன நீலக் கவ்வி ஒன்று விற்கிறார்கள். ஜெர்மனில் அதன் பெயரே ஸ்ற்றோம்டீப், மின்சாரத் திருடன். பெயருக்கேற்ற சாமான். அது உறையை வெட்டி உள்ளே சில இழைகளையும் அறுக்கும். குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்புத் தண்ணீர் அந்த வெட்டுக்குள் போய்ச் செம்பைப் பச்சையாக்கிவிடும். அடுத்த மாரியில் உங்கள் ஹை பீமே போய்விடலாம். நாங்கள் ஈயம் வைத்து, உள்ளே பசையுள்ள சுருங்குகுழாய் போட்டுச் சூடாக்கி மூடினோம். கழுத்துப் பகுதியில் வயரைத் தளர்வாக விட்டு, ஹான்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி இழுபடுகிறதா என்று பார்த்தோம்.

பிழை தேடுவது சுலபம், காதால் தொடங்கலாம். சுவிச்சைப் போட்டதும் ரிலே 'டிக்' என்று சொல்லவில்லை என்றால் குற்றம் சுருள் பக்கத்தில்: சுவிச், ஹை பீம் கிளை, அல்லது 85இன் மைனஸ். டிக் கேட்டும் விளக்கு வரவில்லை என்றால் பியூஸ், 30, 87, விளக்கின் மைனஸ். ஹான்டில் திருப்பும்போது மினுங்கினால் வயர் எங்கோ இழுபடுகிறது.

மின் வரவும் செலவும் பார்த்தோம். எல்லாம் போட்டு, சூடாக்கும் கைப்பிடியும் போட்டு, இயந்திரம் மெதுவாக நிற்கும்போது பற்றரியில் 12.7 வோல்ற்தான் இருந்தது. செலவு வரவை மிஞ்சுகிறது என்று அர்த்தம். 4000 சுற்றில் 14.1 காட்டியது. ஓடும்போது பிரச்சினை இல்லை, சிக்னலில் நிற்கும்போது கைப்பிடியை நிறுத்தச் சொன்னோம். ஸ்பொட் லைற் அங்கே டிம்மோடு ஏற்கெனவே அணைந்திருக்கும்.

கடைசியாக விளக்கின் திசை. வீட்டுக்குக் கீழே கராஜில் சுவரிலிருந்து 5 மீற்றரில் சைக்கிளை நிறுத்தி, மருமகன் ஏறி இருக்க, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் ரேப்பால் குறித்தோம். ஆள் ஏறாமல் அளந்தால் பின்புறம் தாழும்போது வெளிச்சம் மரங்களுக்குப் போகும். வெளிச்சத்தின் நடுவைக் குறியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் கீழே இறக்கி ஆணியை இறுக்கினோம். நூறு கிலோமீற்றர் ஓடியபின் அந்த ஆணிகளைத் திரும்பவும் இறுக்கினோம். இடது பக்கத்து ஆணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.