கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு: diff நிரலின் வரலாறும் தமிழ்ப் பனுவல் ஒப்பீடும்

ஒரே நூலின் இரு படிகளை அருகருகே வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்தெடுப்பது பதிப்பியலின் அடிப்படைப் பணி. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைக்கொண்டு இப்பணியைச் செய்தார். அதே பணியைக் கணினிக் கோப்புகளுக்குச் செய்யும் diff என்னும் நிரல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகி, 1974இல் வெளிவந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது. அதனை எழுதியவர் டக்ளஸ் மக்கில்ராய். அதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹண்ட்டும் அவரும் 1976இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டனர்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1853இல் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று நான்கு வரிகளில் இருப்பதாகக் கொள்வோம். பழைய படியின் இரண்டாம் வரியில் நாள் பிழையாக உள்ளது. புதிய படியில் அப்பிழை திருத்தப்பட்டுள்ளது. மூன்றாம் வரிக்குப் பின் ஒரு வரி கூடுதலாகவும் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் வரியை முதல் வரியோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் எண் வரிசையில் பொருத்திப் பார்த்தால், இடைச்செருகலுக்குப் பிறகு வரும் எல்லா வரிகளும் மாறியனவாகவே தோன்றும். ஒரு வரி நுழைந்ததால் மற்றவை கீழே நகர்ந்தன என்பதை அத்தகைய ஒப்பீடு அறியாது.

ஹண்ட்டும் மக்கில்ராயும் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். எது மாறியது என்று தேடுவதற்கு முன், இரு கோப்புகளிலும் வரிசை குலையாமல் பொதுவாக நிற்கும் வரிகளுள் மிக நீண்ட தொடர் எது என்று கண்டனர். அத்தொடரில் அடங்காத பழைய வரிகள் நீக்கப்பட்டவை. அடங்காத புதிய வரிகள் சேர்க்கப்பட்டவை. மேற்சொன்ன குறிப்பில் பொதுத் தொடர் மூன்று வரிகள் கொண்டது. எனவே diff தரும் விடை இவ்வாறு அமையும்:

```
$ diff old.txt new.txt
2c2
< 1853 ஏப்ரல் 18 அன்று ஓடியது.
---
> 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது.
3a4
> பதினான்கு பெட்டிகள் இருந்தன.
```

`2c2` என்பது பழைய இரண்டாம் வரி புதிய இரண்டாம் வரியாக மாறியது என்று பொருள்படும். `3a4` என்பது பழைய மூன்றாம் வரிக்குப் பின், புதிய படியின் நான்காம் வரி சேர்ந்தது என்பதைக் குறிக்கும். நீக்கத்திற்கு `d` என்னும் எழுத்து வரும். இம்மூன்று எழுத்துகளும் அக்கால யூனிக்ஸின் ed என்னும் தொகுப்பியின் கட்டளைகளை ஒத்தவை. பழைய படியைப் புதிய படியாக மாற்றுவதற்கான கட்டளைத் தொடராகவும் diff தன் விடையைத் தரவல்லது.

கோட்பாட்டளவில் எளிதாகத் தோன்றும் இவ்வழி நடைமுறையில் கடினமானது. ஆயிரம் வரிகள் கொண்ட இரு கோப்புகளை எல்லாச் சோடிகளாகவும் ஒப்பிட்டால் பத்து லட்சம் கட்டங்கள் கொண்ட அட்டவணை தேவைப்படும். அன்றைய பிடிபி-11 கணினியின் 16 பிட் முகவரி ஏறத்தாழ 64 கிலோபைட்டுக்குள் அடங்குவது. ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கப்பட்டது. எண்கள் ஒத்துப்போகும் இடங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. வெவ்வேறு வரிகள் தற்செயலாக ஒரே எண்ணைப் பெறக்கூடும் என்பதால், இறுதியில் உண்மையான வரிகளை மீண்டும் ஒப்பிட்டு உறுதிசெய்யும் கட்டமும் சேர்க்கப்பட்டது. 1986இல் யூஜின் மயர்ஸ் வெளியிட்ட வழிமுறை, வேறுபாடுகள் குறைவாக உள்ள கோப்புகளில் மேலும் விரைவானது. இன்று பரவலாக வழங்கும் க்னூ diff, கிட் ஆகியவை அதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இந்த வரலாற்றில் மாறாத ஒன்று உண்டு. diff படிப்பதில்லை; கோப்பில் பதிவாகியுள்ள பைட்டுகளை ஒப்பிடுகிறது. தமிழ்ப் பனுவலில் இதன் விளைவு கடுமையானது.

மேற்கண்ட குறிப்பின் மூன்றாம் வரி, 'போரிபந்தரில் புறப்பட்டது' என்பதாகும். அதன் முதல் எழுத்தான 'போ' ஒருங்குறியில் இரு வழிகளில் பதிவாகக்கூடும். 'ப'வுக்குப் பின் ஓகாரக் குறி U+0BCB என்னும் ஒரே குறியீடாக வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் U+0BC7, U+0BBE எனத் தனித்தனியே வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பிலோ முதலாவது குறி மூன்று பைட்டுகள்; இரண்டாவது ஆறு. இரு படிகளும் இவ்வாறு வேறுபட்டிருந்தால் diff மூன்றாம் வரியும் மாறியது என்று அறிவித்து, கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த இரு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும்.

இது கற்பனையான இடர்ப்பாடு அன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உட்படத் தமிழ் மின்பனுவல்கள் பல முதலில் திஸ்கி முதலான குறியாக்கங்களில் உள்ளிடப்பட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை. திஸ்கியில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணால் காணும் வரிசையிலேயே குறிகள் பதிவாகும். மாற்றி நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னே நகர்த்திவிட்டு, காலோடு இணைக்காமல் விட்டால் பிளவுண்ட வடிவமே எஞ்சும். அத்தகைய படியை ஒருவர் நேரடியாகத் தட்டச்சு செய்த படியோடு ஒப்பிடும் ஆய்வாளர், ஒகர ஓகாரம் வரும் வரிகள் அனைத்தையும் திருத்தப்பட்டவையாகக் காண்பார். பதிப்பாசிரியர் பனுவலை விரிவாகத் திருத்தினார் என்று அவர் முடிவு செய்தால், எந்த மனிதக் கையும் செய்யாத திருத்தத்தை ஒருவர் மேல் ஏற்றியவராவார். ஏப்ரல் 18 என்பது 16 ஆனதே உண்மையான திருத்தம். அது நூற்றுக்கணக்கான பொய் வேறுபாடுகளுக்கிடையே மறைந்துபோகும்.

அச்சிட்ட இரு வரிகளிலும் வேறுபாடு தென்படாமை இதற்கான முதல் அறிகுறி. அவ்வரிகளை xxd கொண்டு பைட்டுகளாகக் கண்டால் ஐயம் தீரும். பிறகு இரு படிகளையும் ஒரே இயல்பு வடிவத்திற்குக் கொணர்ந்து ஒப்பிட வேண்டும்:

```
uconv -x any-nfc old.txt > old-nfc.txt
uconv -x any-nfc new.txt > new-nfc.txt
diff old-nfc.txt new-nfc.txt
```

மூலக் கோப்புகளைத் தொடாமல் புதிய கோப்புகளை உருவாக்குவது இங்கே இன்றியமையாதது. மூலத்தின் குறியாக்க நிலையும் அப்பனுவலின் வரலாற்றுச் சான்றே.

இவ்வியல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து எழுதிய 'ஒள' என்பதும் ஒருங்குறிக்கு வெவ்வேறு பனுவல்களே. 'ஸ்ரீ' என்பதற்கும் இரு பதிவுகள் வழக்கில் உள்ளன. 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின் அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட பதிவும், அதற்கு முன்பிருந்த 'ஸ'வை முதலாகக் கொண்ட பதிவும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றை ஒன்றாகக் கொள்வதா வேண்டாவா என்பதை ஆய்வாளரே முடிவுசெய்து, அம்முடிவைப் பதிவுசெய்தல் வேண்டும்.

இன்னும் ஓர் எல்லை நினைவுகொள்ளத்தக்கது. எது பழையது, எது புதியது என்பதை diff அறியாது. கட்டளையில் முதலில் எழுதிய கோப்பை அது பழையதாகக் கொள்கிறது, அவ்வளவே. பெயர்களை இடம் மாற்றினால் சேர்க்கை நீக்கமாகும், திருத்தம் பிழையாகும். ஏட்டுச் சுவடிகளில் எது மூலத்திற்கு நெருங்கியது என்று தீர்மானிக்க வேண்டியிருந்த அதே வினா கோப்புகளிலும் எஞ்சி நிற்கிறது. வேறுபாடு எங்கே உள்ளது என்பதை நிரல் காட்டும். அது எத்திசையில், யாரால் நிகழ்ந்தது என்பதற்கான சான்றைக் கோப்புக்கு வெளியிலேயே தேட வேண்டும்.