பிளஸ் ஒன் முடித்த பிள்ளைக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் பத்து நாள்

பிளஸ் ஒன் தேர்வு முடிந்ததும், வணிகவியல் படிக்கும் பிள்ளையை ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு அனுப்பலாமா என்று பெற்றோர்கள் சிலர் கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் எங்கே, எப்போது, எதற்காக என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் யாரிடம் கேட்பது? நம் கடைக் கணக்கையோ ஜமாஅத்தின் கணக்கையோ பார்க்கும் ஆடிட்டரிடமே கேட்கலாம். அறிமுகம் செய்து வைப்பது தந்தையின் வேலை. கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். படிக்கும் வகுப்பு, வர விரும்பும் தேதிகள், தினமும் எத்தனை மணி நேரம் என்று ஐந்தாறு வரி போதும். தேர்வுக்கு முன்பே, மார்ச் தொடக்கத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

தேதியில்தான் பலரும் தவறுகிறார்கள். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குகளில் ஒன்றுக்கு 11ஆம் தேதியும் மற்றொன்றுக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். அந்த நாட்களை ஒட்டிப் போனால் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஏப்ரல் 21க்குப் பிறகு பத்து வேலை நாட்கள் கேட்பது பொருத்தம். ஜும்ஆ நேரத்தையும் அப்போதே சொல்லிவிடலாம்.

சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கும் வேலைதான் முதலில் கிடைக்கும். அதிலும் பாடம் இருக்கிறது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்தும் எண்ணும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வியாபாரியின் பான் எண். ஓர் எழுத்து மாறிப் பதிவானாலும், கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதில் சிக்கல் வரும். இதைக் கையால் சரிபார்த்த பிள்ளை, புத்தகத்தில் உள்ளீட்டு வரிப் பாடம் வரும்போது தடுமாறாது.

தினமும் என்ன செய்தான் என்று இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்தும் அதில் ஜெராக்ஸ் எடுத்ததும் டீ வாங்கியதும் மட்டுமே இருந்தால், பயிற்சி திசை மாறிவிட்டது என்று பொருள். அப்போது ஆடிட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூத்த உதவியாளரிடம், "ஒரு கடையின் ஒரு மாத பில் கட்டைக் கொடுங்கள் சார், நான் சரிபார்த்துத் தருகிறேன்" என்று பிள்ளையே கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு தேவை. அங்கே பார்ப்பது பிறருடைய வரவு செலவு. அது அமானிதம். எந்தப் பில்லையும் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது. யாருடைய வருமானத்தையும் வீட்டில் வந்து சொல்லக் கூடாது. பெற்றோரும் கேட்கக் கூடாது.

கடைசி நாளில் தேதிகளும் செய்த வேலையும் குறித்த ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். இது சிஏ படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் சேராது. அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதைக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பிள்ளை தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான்.