உம்ரா பயணம்: குரல் செய்திகளிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு

உறவினர்கள் சேர்ந்து உம்ரா செல்லத் திட்டமிடும்போது பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல் செய்திகளிலேயே நடக்கிறது. நாற்பது, ஐம்பது செய்திகள் சேர்ந்த பிறகு யார் எதற்குச் சம்மதித்தார், யார் பணம் கட்டினார் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. அவற்றை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கும் முறையை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

பெரியாப்பா மகனான காக்கா தம் மனைவி, உம்மாவுடன் வருகிறார். சாச்சா மகனான தம்பி மனைவியுடன் வருகிறார். மாமி மகளான ராத்தா, மச்சானையும் மகனையும் அழைத்து வருகிறார். ஆக மொத்தம் எட்டுப் பேர்.

குறிப்பெடுப்பவர் ஒருவராக இருப்பது நல்லது. அவர் செய்திகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டு, சொன்னவர், அனுப்பிய நாள், சொன்ன விஷயம் என்று மூன்றையும் எழுத வேண்டும். அனுப்பிய நாளை விட்டுவிடக் கூடாது. "நாளைக்குப் பணம் போடுறேன்" என்பதை மூன்று நாள் கழித்துக் கேட்பவருக்கு அந்த 'நாளை' எது என்று தெரியாது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே முடிவா, யோசனையா, கேள்வியா என்று குறிக்க வேண்டும். "இன்ஷா அல்லாஹ் வர்றோம்" என்பதை உறுதியான சம்மதமாகவும் சொல்கிறோம், மறுக்கத் தயங்கும்போதும் சொல்கிறோம். ஆகவே அதை முடிவு என்று எழுதாமல் கேள்வி என்று எழுதி, அவரிடமே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவு எண் கைக்கு வந்த பிறகே டிக்கெட்டோ அறையோ 'முடிவு' ஆகும்.

தேதியில்தான் பெரிய குழப்பம் வரும். "வெள்ளி இரவு கிளம்புறோம்" என்று காக்காவின் உம்மா சொல்கிறார். மஃரிபிலிருந்து நாள் தொடங்கும் நமது கணக்கில் அது வியாழன் பின்னேரத்துக்குப் பிறகு வரும் இரவு. தம்பியோ அதை வெள்ளிக்கிழமை இரவு என்று எடுத்துக்கொள்கிறார். டிக்கெட்டில் இருப்பதோ 2026 ஜனவரி 9 வெள்ளி, அதிகாலை 1.40. உம்மா சொன்னது சரி, ஆனால் தம்பி தாம் புரிந்தபடி வந்தால் விமானம் போய்விட்டிருக்கும். எனவே குறிப்பில் கிழமையை மட்டும் எழுதாமல், "ஜனவரி 8 வியாழன் இரவு 10 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும், விமானம் ஜனவரி 9 அதிகாலை 1.40" என்று முழுமையாக எழுத வேண்டும். நேரம் எழுதும்போது இந்திய நேரமா, சவூதி நேரமா என்றும் குறிக்க வேண்டும். சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னே உள்ளது.

அறைப் பதிவை 'நாள்' கணக்கில் எழுதாமல் 'இரவு' கணக்கில் எழுத வேண்டும். மக்காவில் ஜனவரி 9 முதல் 14 வரை என்றால் ஐந்து இரவு. மதீனாவில் 14 முதல் 17 வரை என்றால் மூன்று இரவு. காலையில் போய் இறங்குவோர் அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாகப் பிற்பகலில்தான் தருவார்கள். எட்டுப் பேரில் ஆண்கள் நால்வர், பெண்கள் நால்வர் என்பதால் நான்கு கட்டில் உள்ள இரண்டு அறைகள் போதும். ரவ்ளா ஷரீஃபுக்கான அனுமதியை நுசுக் செயலியில் ஒவ்வொருவர் பெயரிலும் எடுக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு என்பதால் அதைத் தனித்தனி வரியாக எழுத வேண்டும்.

அடுத்தது செலவு. டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொண்டதால் அது பொதுக் கணக்கில் வராது. அறைகளுக்கு 96,000 ரூபாய் காக்கா கட்டினார். வேனுக்கு 24,000 ரூபாய் தம்பி கட்டினார். மொத்தம் 1,20,000 ரூபாய். எட்டுப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15,000 வருகிறது. இதைக் குடும்பக் கணக்காக எழுதினால்:

காக்கா (3 பேர்): பங்கு 45,000, கட்டியது 96,000, வர வேண்டியது 51,000.
தம்பி (2 பேர்): பங்கு 30,000, கட்டியது 24,000, தர வேண்டியது 6,000.
ராத்தா (3 பேர்): பங்கு 45,000, கட்டியது இல்லை, தர வேண்டியது 45,000.

தர வேண்டிய 6,000-மும் 45,000-மும் சேர்ந்து, வர வேண்டிய 51,000-க்குச் சரியாக வந்துவிட்டது. இப்படி வராவிட்டால் ஏதோ ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது என்று பொருள். ரியாலில் கட்டியதை அன்றைய தினம் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட ரூபாயாகவே எழுத வேண்டும். பிறகு விலை மாறினாலும் தர்க்கம் வராது.

ராத்தா தர வேண்டிய 45,000 ஷரீஅத்தின் பார்வையில் கடன்தான். தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகரா 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சொந்தக்காரர்கள் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. ஆகவே தொகைக்குப் பக்கத்தில் தரும் தேதியையும் எழுத வேண்டும். ஒருவர் கடைசியில் வர முடியாமல் போனால் அறை வாடகை குறையாது. அந்தப் பங்கை அவரே ஏற்பதா, எல்லோரும் பகிர்வதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசி ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

குறிப்பு தயாரானதும் அதைக் குழுவில் எழுத்தாகவே அனுப்பி, மூன்று குடும்பத்திலிருந்தும் ஒருவர் "சரி" என்று எழுதிப் பதில் தரச் சொல்லுங்கள். அதன் பின் வரும் மாற்றங்களை அதே குறிப்பில் தேதியிட்டுத் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். அல்லாஹ் அனைவரின் உம்ராவையும் கபூல் செய்வானாக!