மின்மானி வேகமாக ஓடுகிறதா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

பிரித்தானியாவில் ஒரே வீட்டை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்து வாழும்போது, மேல்மாடிக்குத் தனியாக ஒரு மின்மானி பூட்டியிருப்பார்கள். மேல்மாடியின் மின்கட்டணம் திடீரென ஏறினால், "மானி வேகமாக ஓடுகிறது" என்ற பேச்சு எழும். அது உண்மையா என்பதை அரை மணித்தியாலத்தில் ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஆனால் பிழையாகச் சோதித்தால் நல்ல மானியின் மீதும் பழி விழும்.

இன்றைய மின்மானிகளின் முகப்பில் ஒரு சிறு விளக்கு சிமிட்டும். அதன் அருகே `1000 imp/kWh` என்று எழுதியிருந்தால், ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவோட் மணிக்கு, 1000 சிமிட்டல்கள் என்று பொருள். ஒரு சிமிட்டல் 3600 ஜூல். வேறு எண் எழுதியிருந்தால் 36,00,000 ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிடுவதற்கு, சுவர்ப் பிளக்கில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றும், 2000 வோட் எண்ணெய் சூடேற்றி ஒன்றும் போதும். சூடேற்றியை அந்த அளவியில் செருகி, அளவியை நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டாம். வெப்பக் கட்டுப்பாட்டை உச்சத்தில் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்ட பின்பே அளக்கத் தொடங்குங்கள். இடையில் சூடேற்றி தானாக நின்றால் அந்த அளவீட்டைக் கைவிட வேண்டும்.

மேல்மாடி வீடொன்றில் எடுத்த அளவீட்டைப் பார்ப்போம். குளிர்சாதனப்பெட்டி இடையில் தானாக ஓடிக் கணக்கைக் குழப்பும் என்பதால் அதை நிறுத்திவைத்தார்கள். இணையப் பெட்டி, மீன்தொட்டி, வாசல் விளக்கு ஆகியவை மட்டும் ஓடின. சூடேற்றியைப் போடுவதற்கு முன் 10 சிமிட்டலுக்கு 450 செக்கன் எடுத்தது. 36,000 ஐ 450 ஆல் வகுத்தால் 80 வோட். இது வீட்டின் பின்னணிச் செலவு.

பிறகு சூடேற்றியுடன் 200 சிமிட்டலுக்கு 372 செக்கன் எடுத்தது.

```
200 × 3600 ÷ 372 = 1935 W
1935 − 80 = 1855 W
```

அதே நேரத்தில் பிளக் அளவியை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து எடுத்த சராசரி 1842 வோட். வித்தியாசம் 13 வோட், அதாவது 0.7 வீதம். பிரித்தானியாவில் வீட்டு மின்மானி 2.5 வீதம் வரை கூடவோ, 3.5 வீதம் வரை குறைவாகவோ காட்டச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே இந்த மானியில் குறை இல்லை.

பின்னணி 80 வோட்டைக் கழிக்க மறந்திருந்தால், மானி 5 வீதம் கூடுதலாகக் காட்டுவதாக முடிவு வந்திருக்கும். பிளக் அளவி இல்லாமல் சூடேற்றியின் 2000 வோட் என்ற எழுத்தை நம்பியிருந்தால், மானி 7 வீதம் குறைவாகக் காட்டுவதாகத் தோன்றியிருக்கும். அந்த 2000 வோட் 240 வோல்ட்டுக்கு உரியது. பிளக்கில் வருவது 230 வோல்ட் என்றால் அதே சூடேற்றி ஏறக்குறைய 1837 வோட்தான் எடுக்கும்.

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். நேரமானியை அழுத்தும் சிமிட்டல் "பூச்சியம்", அடுத்ததுதான் "ஒன்று". பத்துச் சிமிட்டலை மட்டும் எண்ணினால், கை அரைச் செக்கன் தாமதித்தாலே 2.7 வீதப் பிழை வந்துவிடும். 200 எண்ணினால் அதே தாமதம் பொருட்டல்ல. கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து வைத்தால் பிறகு ஆறுதலாக எண்ணலாம். முடிவில் சூடேற்றியை நிறுத்தி, பின்னணியை மீண்டும் அளந்து பாருங்கள். முதலில் வந்த எண்ணே வராவிட்டால் இடையில் ஏதோ ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறது.

மலிவான பிளக் அளவியே ஓரிரு வீதம் பிழைக்கலாம். எனவே 2 வீத வித்தியாசத்தை வைத்து யாரோடும் வாதாட முடியாது. வேறு நாளில், வேறு அளவியுடனும் 5 வீதத்துக்கு மேல் வந்தால், அளவீடுகளை எழுதி மின் வழங்குநரிடம் மானியைச் சோதிக்கக் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் பூட்டிய மானி என்றால் அவரிடமே கேட்க வேண்டும். மானியின் முத்திரையை உடைக்கவோ மூடியைத் திறக்கவோ கூடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் பகுதியின் பிரதான ஆளியை நிறுத்திய பிறகும் விளக்கு தொடர்ந்து சிமிட்டினால், வேறொருவரின் வயர் உங்கள் மானியில் இணைந்திருக்கலாம். அப்போது மின்னியலாளரை அழையுங்கள். சில மானிகளில் செலவு இல்லாதபோது விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும். அது குறையல்ல.

மேல்மாடிக் குடும்பத்துக்கு மானி பதில் தரவில்லை, பின்னணி 80 வோட் ஒரு பகுதியைத் தந்தது. அது நாளுக்கு 1.92 யூனிட், வருடத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட்.